சின்னக் கந்தோருக்குக் கோப்பிக் கொட்டை மெசின்: எதை எடுக்கிறது, எப்பிடிப் பராமரிக்கிறது?

கல்லடிக்_கந்தோர்

எங்கட கந்தோரில 11 பேர். ஒரு நாளைக்கு 25 கோப்பி போகும். அதில பாதி பால் கோப்பி. இப்ப எல்லாம் கரைக்கிற கோப்பித்தூள்தான். கொட்டையப் போட்டு பட்டன அமத்தினா தானா அரைச்சு வடிச்சுத் தாற மெசின் ஒண்டு எடுக்க முடிவாகிட்டு. கையில மூண்டு தெரிவு இருக்கு. ஒண்டு, பால் குடுவையோட வாற வீட்டு மெசின். ரெண்டாவது, அதே அளவு, பால் குடுவை இல்ல, சுடுதண்ணிக் குழாயும் ஆவிக்குழாயும் மட்டும் இருக்கு. மூண்டாவது, கொழும்பில ஒரு கந்தோர் கழிச்ச பெரிய மெசின். அதில கோப்பி வடிக்கிற பகுதியக் கழட்ட ஏலாது எண்டு விக்கிறவரே சொன்னார்.

சமையலறையில கிணத்துத் தண்ணிதான் எந்த நேரமும் வரும். பைப் தண்ணி நேரத்துக்குத்தான். எதை எடுக்கலாம்?

பாண்டிருப்பு_66

தம்பி, மூணு டப்பா வைச்ச பவுடர் மெசின் எடுங்க. கோப்பி, தேத்தண்ணி, பால் மூண்டும் வரும், ஆக்களுக்கும் விருப்பம். கொட்டை அரைக்கிற வேலையெல்லாம் கந்தோருக்கு எதுக்கு? அதோட ஒரு கேள்வி. வீட்டில மல்லியும் சுக்கும் சேத்து இடிச்ச கோப்பித்தூள் இருக்கு. அதை இந்தக் கொட்டை மெசினில போட ஏலுமா?

திருகாணி

பாண்டிருப்பு ஐயா, நீங்க சொல்றது கரைக்கிற தூள் மெசின். அவர் கேட்டது வேற சாமான். உங்கட மல்லித்தூளுக்கு மட்டும் பதில் சொல்றன்: போடக் கூடாது. மூடியத் துறந்தா சில மெசினில அரைச்ச தூள் போட ஒரு சின்ன வழி இருக்கும். ஒரு கோப்பிக்கு ஒரு கரண்டி, அதுவும் தனிக் கோப்பித்தூள் மட்டும்தான். மல்லி, சுக்கு நனைஞ்சா நார் ஊதும், சல்லடைக் கண்ணை அடைக்கும். இடிச்ச தூளில மாவு மாதிரி நுண்ணியதும் கூட இருக்கும். கரைக்கிற கோப்பித்தூளப் போட்டா இன்னும் மோசம். அது உள்ளுக்குப் பாகாகி ஒட்டிரும். மல்லிக் கோப்பி கேத்தலோடயும் வடியோடயும் இருக்கட்டும், அதுக்கு அதுதான் பொருத்தம்.

இனிக் கல்லடித் தம்பிக்கு. நான் விலையையும் பாக்க முதல், திரையில எத்தனை படம் வருகுது எண்டதையும் பாக்க முதல், ரெண்டு விசயம் பாப்பன். வடிக்கிற பகுதி கையில கழண்டு வருமா? அதுக்குள்ள போற தண்ணி என்ன தண்ணி?

வடிக்கிற பகுதியப் பெட்டியில "பிரூ குரூப்" எண்டு போட்டிருப்பாங்க. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சாமான். அரைச்ச தூள் அதுக்குள்ள விழும், பிஸ்டன் ஒண்டு அதை அமத்தி வில்லையாக்கும், சுடுதண்ணி அழுத்தத்தோட அந்த வில்லைக்குள்ளால போகும், பிறகு வில்லையத் தள்ளிச் சக்கைப் பெட்டியில விழுத்தும். ஒவ்வொரு தரமும் கொஞ்சத் தூள் ஓரத்தில சிந்தும், கோப்பி எண்ணெய் சல்லடையில படியும். டெலோங்கி, பிலிப்ஸ் மாதிரி வீட்டு மெசின்களில இது கதவத் துறந்து கழட்டிக் கழுவுற மாதிரி இருக்கு. ஜூரா மாதிரி மெசின்களில கழட்டுறதில்ல, உள்ளுக்குக் குளிசை போட்டுக் கழுவுவாங்க. அந்த முறையில பிழையில்ல. ஆனா குளிசை நேரத்துக்குக் கிடைக்க வேணும், கழிச்ச மெசின் எண்டா முதல் உரிமைகாரர் ஒழுங்காப் போட்டிருக்க வேணும். மட்டக்களப்பின்ட புழுக்கத்தில சக்கை ஈரத்தோட ரெண்டு மூண்டு நாள் கிடந்தாப் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணால பாத்துக் கையால கழுவ ஏலுமான மெசின்தான் எங்களுக்கு நல்லம். மூண்டாவதை விடுங்க.

உங்கட கணக்கைப் பாப்பம். 25 கோப்பிக்குக் கோப்பியொண்டுக்கு 10 கிராம் போட்டா நாளைக்கு 250 கிராம் கொட்டை. மாசத்தில 22 வேலை நாள் எண்டா ஐஞ்சரைக் கிலோ. வீட்டு மெசின்ட கொட்டைத் தொட்டி 250 கிராம் அளவு பிடிக்கும், அப்ப நாளைக்கு ஒருக்கா நிரப்ப வேணும். தண்ணி, கோப்பிக்கும் கழுவலுக்கும் சேத்து ரெண்டரை லீற்றர் வரும். தொட்டி 1.8 லீற்றர் எண்டா நாளைக்கு ரெண்டு தரம். சக்கைப் பெட்டி 14 வில்லையில நிரம்பினா அதுவும் ரெண்டு தரம். ஆக, ஒரு ஆள் இதுக்குப் பொறுப்பா இருக்க வேணும். "எல்லாரும் பாத்துக்குவம்" எண்டா ஒருத்தரும் பாக்கமாட்டாங்க.

வருசத்துக்கு 6,600 கோப்பி. வீட்டு மெசினுக்கு இது கடும் வேலை, ஆனா தாங்காத வேலையில்ல. வாங்க முதல் உத்தரவாதச் சீட்ட வாசியுங்க. "வீட்டுப் பாவனைக்கு மட்டும்" எண்டு இருந்தா, கந்தோருக்கு எடுத்தா செல்லுமா எண்டு கடைக்காரரிட்ட எழுத்தில கேளுங்க.

வாவிக்கரை

திருகாணி அண்ணன் அழுத்தத்தச் சொல்லாம விட்டிட்டார். 15 பார் மெசினும் 19 பார் மெசினும் இருக்கு. 19 எடுத்தாத்தான் மேல நுரை தடிப்பா வரும், அதுதான் நல்ல கோப்பிக்கு அடையாளம்.

தண்ணிக்குப் பயப்பட வேணாம். TDS மீற்றர் ஒண்ட வாங்கிக் கிணத்துத் தண்ணியில பிடிச்சுப் பாருங்க. 500க்குக் கீழ எண்டாப் போடலாம். கலங்கலா இருந்தா பழைய ஆக்கள் செய்த மாதிரி பானையில தேத்தாங்கொட்டையத் தேய்ச்சு விட்டாத் தெளியும்.

திருகாணி

பார் இலக்கம் பம்புக்கு எழுதினது. பம்பு ஒண்டும் தள்ள ஏலாத இடத்தில எவ்வளவு அழுத்தம் குடுக்கும் எண்ட கணக்கு. கோப்பி வடியிற நேரம் வில்லையில இருக்க வேண்டியது 9 பார் அளவுதான், 15 எண்டு எழுதின பம்பே அதுக்குக் காணும். 19 எண்டு எழுதினதுக்குக் கூடக் காசு குடுக்காதீங்க.

தேத்தாங்கொட்டை கலங்கலத் தெளியவைக்கும் எண்டது சரி. ஆனா கலங்கல் வேற, கடினம் வேற. கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச கிணத்துத் தண்ணியிலயும் கேத்தலுக்குள்ள வெள்ளைக் கல்லுப் படியும். அந்தக் கல்லுதான் மெசின்ட சூடாக்கியிலயும் மெல்லிய குழாயிலயும் படியிறது.

TDS மீற்றர் கரைஞ்சது எல்லாத்தையும் சேத்து ஒரு இலக்கம் காட்டும். எங்கட கரையோரத்தில மணலுக்குக் கீழ நல்ல தண்ணி மெல்லிய படையாத்தான் கிடக்கும், அதுக்குக் கீழ உப்புத்தண்ணி. வெயில் காலத்தில இறைக்க இறைக்க உப்பு ஏறும். உங்கட 500, உப்பால வந்ததா சுண்ணாம்பால வந்ததா எண்டு மீற்றருக்குத் தெரியாது. ரெண்டும் கேடுதான், ஆனா வேற வேற கேடு. சுண்ணாம்பு கல்லாப் படியும், அமிலம் போட்டுக் கழுவி எடுக்கலாம். உப்பு படியாது, உலோகத்த அரிக்கும். அரிச்சத எந்தக் கழுவலாலயும் திருப்பிக் கொண்டுவர ஏலாது. தொட்டிக்குள்ள போடுற ஃபில்டரும் உப்பப் பிடிக்காது.

அதால முதல் சோதனை நாக்கு. உப்புச் சுவை கொஞ்சமாவது தெரிஞ்சா அந்தக் கிணத்த மெசினுக்கு மறந்திருங்க. சுவை தெரியாட்டி ரெண்டாவது, கடினம் பாக்கிற தாள். அனேகமான மெசினோட பெட்டிக்குள்ளயே ஒண்டு வரும். ஒரு செக்கன் நனைச்சு, ஒரு நிமிசம் பொறுத்து நிறத்தப் பாருங்க. அந்த அளவ மெசின்ட செட்டிங்கில போட வேணும். கனபேர் போடாம விடுறாங்க. மெசின் கல்லுக் கழுவச் சொல்லிக் கேக்கிறது கல்லைக் கண்டு இல்ல, போன தண்ணியயும் நீங்க குடுத்த கடின அளவையும் வைச்சுக் கணக்குப் பாத்துத்தான். பிழையா மென்தண்ணி எண்டு விட்டா, அது கேக்க முதலே உள்ளுக்கு அடைஞ்சிரும்.

அறுகம்பே_தங்குமனை

எங்கட இடத்தில காலச்சாப்பாட்டுக்குப் பால் குடுவை மெசின் வைச்சிருக்கம். பால் கோப்பி அழகா வரும், வாறாக்களுக்கும் விருப்பம். கல்லடித் தம்பி, முதலாவதையே எடுங்க. பாதி ஆக்கள் பால் கோப்பி எண்டுறீங்களே.

தேத்தாத்தீவு_வறுவல்

தங்குமனையில காலை ரெண்டு மணித்தியாலம் ஓடும், பிறகு ஒரு ஆள் இருந்து எல்லாத்தையும் கழட்டிக் கழுவும். கந்தோரில எட்டரைக்கு ஒரு கோப்பி, பத்துக்கு நாலு, பிறகு மூண்டு மணிக்கு. நடுவில அந்தப் பால் எங்க இருக்கும்? குடுவையத் தூக்கிக் குளிர்ப்பெட்டியில வைச்சாலும், மூடியில இருக்கிற மெல்லிய குழாயிலயும் காத்து இழுக்கிற துவாரத்திலயும் நிக்கிற பால் 30 பாகை வெக்கையில கெதியாப் புளிச்சுரும். ஒவ்வொரு தரமும் கழுவல் பட்டன அமத்தி, பின்னேரம் மூடியத் துண்டு துண்டாக் கழட்டிச் சுடுதண்ணியில கழுவ வேணும். அந்தத் துவாரம் காஞ்ச பாலால அடைஞ்சா நுரை வராது, வெறும் சுடுபால்தான் வரும். மெசின் பழுது எண்டு தூக்கிக் கொண்டு போவாங்க, உண்மையில ஒரு ஊசிக் கண் அடைப்பு.

அதோட எங்கட கந்தோர்களில இருக்கிறது பால்மா. கட்டி கரையாத பால்மாத் தண்ணிய அந்தக் குழாய்க்குள்ள விட்டா அடைப்பு இன்னும் கெதியா வரும்.

நான் சொல்றது ரெண்டாவது மெசின். பால நீங்களே வெளியில செய்யுங்க. 10 கிராம் பால்மாவ முதல் கொஞ்ச இளஞ்சூட்டுத் தண்ணியில கட்டியில்லாமக் குழைச்சு, பிறகு சுடுதண்ணி விட்டு மொத்தம் 80 மில்லியாக்குங்க. சாதாரண பால்மாத் தேத்தண்ணிக்குக் கரைக்கிறதவிட இது தடிப்பு. அதுக்கு மேல மெசின்ல 40 மில்லி கோப்பிய நேரா இறக்குங்க. நுரை வேணுமெண்டா பற்றரியில ஓடுற சின்னக் கடையி காணும்.

கல்லடிக்_கந்தோர்

நன்றி எல்லாருக்கும். தாள் சோதனை செய்தம், தெரிஞ்ச கடையொண்டில இருந்து தாள் எடுத்தது. கிணறு 300 அளவு காட்டுது, உப்புச் சுவை இல்ல. பைப் தண்ணி அதவிட நல்லாக் குறைவு. 19 லீற்றர் போத்தல் தண்ணியும் கந்தோருக்கு வருகுது, அதில தாள் நிறமே மாறயில்ல. அப்ப போத்தல் தண்ணிய மட்டும் விடலாமா?

இன்னொண்டு. தெரிஞ்ச இடமொண்டில இதே மாதிரி மெசினில கோப்பி குடிச்சுப் பாத்தம். சின்னக் கோப்பி பரவாயில்ல. பெரிய கோப்பி எண்டு பட்டன அமத்தினா தண்ணி மாதிரியும் கசப்பாவும் வந்துது. மெசின்ட பிழையா, கொட்டைட பிழையா?

திருகாணி

தண்ணிக்கு நான், சுவைக்கு வறுவல் தங்கச்சி.

300 எண்டது லீற்றருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக் கணக்கு. ஜேர்மன் பாகையில கேக்கிற மெசின் எண்டா 17.8ஆல பிரியுங்க, கிட்டத்தட்ட 17. அது கடும் தண்ணி. தாள் நிறம் மாறாத போத்தல் தண்ணியில கல்லுப் படியாது, ஆனா கோப்பி சப்பெண்டு இருக்கும். தண்ணியில கொஞ்சம் கனிமங்கள் இருந்தாத்தான் கோப்பிட சுவை இழுபட்டு வரும். 60, 70 அளவு கடினம் நல்ல இடம். கலக்கிற கணக்கு லேசு: கிணறு ஒரு பங்கு, போத்தல் நாலு பங்கு. போத்தல 10 எண்டு வைச்சா 300ஓட நாலு பத்தையும் கூட்டி ஐஞ்சால பிரிக்க 68. கலக்கினதுக்குப் பிறகு தாள ஒருக்காத் திரும்ப நனைச்சுப் பாருங்க. உன்னிச்சைக் குளத்துப் பைப் தண்ணி வாற நேரத்தில ஒரு கலன் பிடிச்சு வைக்க ஏலுமெண்டா, அதில தாள் காட்டுறத வைச்சு அதையே தனியவும் விடலாம். குளோரின் மணம் அடிச்சா ஒரு இரவு திறந்து வைச்சிட்டு விடுங்க.

கிணத்துத் தண்ணிய மழைக்கும் வெயிலுக்கும் ஒருக்கா அளக்க வேணும். ஐப்பசி கார்த்திகை மழையில வாற இலக்கம் ஆவணியில இருக்காது.

தேத்தாத்தீவு_வறுவல்

பெரிய கோப்பிக் கசப்பு மெசின்ட பிழையுமில்ல, கொட்டைட பிழையுமில்ல. அந்தப் பட்டன் செய்யிற வேலையே அதுதான்.

கையால எஸ்பிரஸோ போடுறவர் 18 கிராம் தூளில 36 கிராம் கோப்பி எடுப்பார், ஒண்டுக்கு ரெண்டு. இந்த மெசின் 9, 10 கிராமில 40 மில்லி எடுக்குது, ஒண்டுக்கு நாலு. அப்பவே இளக்கம். இனிப் பெரிய கோப்பி எண்டா அதே 10 கிராம் வில்லைக்குள்ளால 120 மில்லி தண்ணியத் தள்ளும். வில்லையில நல்ல சுவை முதல் இறங்கிரும், பிறகு இறங்கிறது கசப்பும் மரச்சுவையும். அதைத்தான் நீங்க குடிச்சிருக்கீங்க.

வழி இருக்கு. சின்னக் கோப்பி 40 மில்லியில நிப்பாட்டுங்க. பிறகு சுடுதண்ணிக் குழாயால தனிய 80 மில்லி விடுங்க. சில மெசினில இதுக்கு "அமெரிக்கானோ" எண்டு பட்டனே இருக்கு, வாங்கும்போது பாருங்க. அளவு அதேதான், சுவை வேற. இந்த ஒரு பழக்கம் கந்தோருக்கு வந்தா அரைவாசி முறைப்பாடு நிண்டிரும்.

பிறகு அரைவை. மெசின் வரும்போது நடுவில இல்ல, கொஞ்சம் பருமனா வைச்சு அனுப்புவாங்க, அடைக்காம இருக்க. அரைபடுற நேரத்தில மட்டும் ஒரு படி நுண்மையாத் திருப்புங்க. நிண்டிருக்கும்போது திருப்பினா பல்லுக்கு நடுவில கிடக்கிற கொட்டை நெரிஞ்சு திருகு உடையும். திருப்பின உடன வித்தியாசம் தெரியாது, பழைய தூள் உள்ளுக்கு இருக்கும். மூண்டு கோப்பி போன பிறகு பாருங்க. கோப்பி நூல் மாதிரித் தொடர்ந்து வடிய வேணும். சொட்டுச் சொட்டா நிண்டு வந்தா ஒரு படி பின்னுக்கு எடுங்க.

ஆனா எவ்வளவு திருப்பினாலும் ஒரு எல்லை இருக்கு. இந்த மெசின்ட கிரைண்டர் நல்ல எஸ்பிரஸோ அளவுக்கு நுண்மையாப் போகாது. போனா சின்ன வில்லைக்குள்ளால தண்ணி போகாது எண்டு செய்தவங்களே மட்டுப்படுத்தியிருக்காங்க. அதால இளசா வறுத்த, பழப்புளிப்புள்ள கொட்டை இதில புளிச்ச தண்ணியாத்தான் வரும். அப்பிடிக் கொட்டைக்குக் குடுக்கிற காசு வீண். நடு வறுவல்தான் இதுக்கு.

வாவிக்கரை சொன்ன நுரையையும் சொல்றன். கனக்க மெசினில கோப்பி வாற வழியில சுருள் வைச்ச ஒரு சின்ன வால்வு இருக்கு. அதுக்குள்ளால நெரிபட்டு வரும்போது எந்தக் கோப்பியிலயும் நுரை கட்டும். பழைய கொட்டையிலயும் கட்டும். நுரையப் பாத்துக் கோப்பிய மதிக்காதீங்க.

வாவிக்கரை

நுரை விசயம் விளங்கிட்டு அக்கா. ஆனா கறுப்பா வறுத்த கொட்டைதானே எங்கட ஆக்களுக்குப் பிடிக்கும்? எண்ணெய் மினுங்கிற கொட்டைதான் நல்ல கடுப்பு.

தேத்தாத்தீவு_வறுவல்

கடுப்பு இருக்கும், மெசின் இருக்காது. எண்ணெய் மினுங்கிற கொட்டை ஒண்டோட ஒண்டு ஒட்டித் தொட்டிக்குள்ள பாலம் கட்டிரும், கீழ இறங்காது. கிரைண்டர் வெறுமனச் சுத்துற சத்தம் வரும், மெசின் "கொட்டை இல்ல" எண்டும், பாத்தா தொட்டி நிறையக் கொட்டை. எண்ணெயோட சேந்த தூள் கிரைண்டர்ல இருந்து இறங்கிற வழியிலயும் பசை மாதிரிப் படியும்.

வாங்க முதல் பத்துக் கொட்டைய ஒரு டிசுத் தாளில மடிச்சு இரவு வைங்க. காலையில தாள் எண்ணெய் ஊறியிருந்தா வேணாம். கடுப்பு வேணுமெண்டா நடு வறுவலில ரொபஸ்டா கலந்த கொட்டை எடுங்க, அரபிக்கா மூண்டு பங்கு, ரொபஸ்டா ஒரு பங்கு. பால்மாவுக்கு மேல அது நிண்டு பிடிக்கும். சீனி போட்டு வறுத்த கொட்டையோ வாசம் சேத்த கொட்டையோ கிட்டயும் எடுக்க வேணாம்.

மெசின் உண்மையில எத்தனை கிராம் எடுக்குது எண்டு பாக்க லேசான வழி: "கொட்டை இல்ல" எண்டு சொல்லும் வரைக்கும் ஓடவிடுங்க. பிறகு சரியா 100 கிராம் போட்டு, திரும்ப அப்பிடிச் சொல்லும் வரைக்கும் எத்தனை கோப்பி வருகுது எண்டு எண்ணுங்க. பத்து வந்தா 10 கிராம். 13 வந்தா 8 கிராம் கூட வரயில்ல, கடுமை அளவக் கூட்டுங்க.

சம்மாந்துறையான்

கல்லுக் கழுவுறதப் பத்தி ஒருத்தரும் சொல்லல்ல. கம்பனிப் போத்தல் விலை கூட. நாங்க எங்கட கந்தோர் மெசினுக்கு சிற்றிக் அமிலத் தூள்தான் பாவிக்கிற, கேக் சாமான் கடையில கிடைக்கும். ஒரு லீற்றருக்கு 40 கிராம். ஒரு குறையும் வரல்ல. நோன்பு மாசத்தில பகலில மெசினுக்கு வேலை இல்ல, அந்த நேரம் ஆறுதலாச் செய்வம்.

திருகாணி

சிற்றிக் அமிலம் கல்லைக் கரைக்கும், அதில சந்தேகமில்ல. எனக்கு இருக்கிற தயக்கம் சூடு. மெசின் கழுவும்போது இடைக்கிடை சூடாக்கியும் ஓடும். கல்லுக் கூட இருக்கிற மெசினில சிற்றிக் அமிலம் சூடானா, கரைஞ்ச சுண்ணாம்போட சேந்து வேற ஒரு வெள்ளைப் பொடியா இறங்கும். அது லேசில கரையாது, மெல்லிய குழாயில போய் நிக்கும். அதுக்காகத்தான் பல கம்பனிகள் லக்ரிக் அமிலத்த வைச்சுச் செய்யிறாங்க. டெலோங்கி மெசினுக்கு அவங்கட திரவம் 100 மில்லிக்கு ஒரு லீற்றர் தண்ணி. உங்கட மெசின்ட புத்தகத்தில என்ன அளவோ அதுதான் கணக்கு.

வினாகிரி வேணாம். மணம் நாள்கணக்காப் போகாது, ரப்பர் வளையங்களுக்கும் நல்லமில்ல. எலுமிச்சம்பழச் சாறும் வேணாம், அதில சீனியும் சக்கையும் இருக்கு.

கழுவ முதல் தொட்டிக்குள்ள இருக்கிற ஃபில்டரக் கழட்டுங்க. அமிலம் போன பிறகு அலசல் தண்ணிய முழுசா ஓடவிடுங்க. முழு வேலையும் அரை மணித்தியாலத்துக்கு மேல. கரண்டு வெட்டு அறிவிச்ச நேரத்தில தொடங்காதீங்க. நடுவில கரண்டு போனாப் பயப்பட வேணாம், கரண்டு வந்ததும் மெசின் மிச்சத்த முடிக்கச் சொல்லும். முடிக்காமக் கோப்பி எடுக்க விடாது, விடவும் கூடாது.

சம்மாந்துறையான்

காக்கா, நீங்க சொல்ற வெள்ளைப் பொடி கல்லு நிரம்பின மெசினுக்குத்தானே? நாங்க தண்ணிய முதலே சரியாக்கி, மாசத்துக்கு ஒருக்காக் கழுவுறம். கல்லு கனக்க இல்லாத இடத்தில அந்தப் பிரச்சின எங்கால வாறது?

திருகாணி

அது ஞாயம். கல்லுக் குறைவா இருந்து, குளிர்ந்த கரைசலாவும் விட்டா ஆபத்துக் குறைவு. நான் இன்னும் லக்ரிக்தான் போடுவன், ஆனா உங்கட முறையப் பிழை எண்டு சொல்லமாட்டன். உத்தரவாதக் காலம் முடியும் மட்டும் கம்பனித் திரவத்தில நிக்கிறது நல்லம்.

கல்லடிக்_கந்தோர்

ரெண்டாவது மெசின எடுக்கிறம். கிழமை கிழமை செய்ய வேண்டியத ஒருக்காச் சொல்லுங்க அண்ணன். எங்கட கந்தோரில பின்னேரம் ஐஞ்சுக்குச் சுவரில இருக்கிற சுவிச்ச எல்லாம் நிப்பாட்டிட்டுத்தான் பூட்டுவாங்க.

திருகாணி

அந்த சுவிச்சில இருந்தே தொடங்குவம், கந்தோர் மெசின்கள் கெட்டுப்போறது கனக்க அங்கதான். மெசின்ட பட்டனால நிப்பாட்டினா அது குழாயக் கழுவி, பிரூ குரூப்ப அதுட இடத்தில கொண்டுபோய் நிப்பாட்டிட்டுத்தான் படுக்கும். சுவரில அடிச்சா கழுவாது, பிரூ குரூப்பும் பாதி வழியில நிக்கும். அடுத்த நாள் கதவத் துறந்து இழுத்தா வராது, ஆக்கள் பலவந்தமா இழுத்து கொழுக்கியப் பேத்திருவாங்க. அதால முதல் மெசின் பட்டன், சத்தம் அடங்கினாப் பிறகு சுவர் சுவிச். இதை ஒரு தாளில எழுதிச் சுவரில ஒட்டுங்க. பிரூ குரூப் வராட்டி இழுக்காதீங்க, கரண்டக் குடுத்துப் பட்டனால நிப்பாட்டினாத் தானா இடத்துக்கு வரும்.

சக்கைப் பெட்டிய மெசின் ஓடுற நிலையிலதான் வெறுமையாக்க வேணும். நிப்பாட்டி வைச்சு எடுத்தா அதுட எண்ணிக்கை மாறாது, வெறும் பெட்டியோட "நிரம்பிட்டு" எண்டு நிக்கும். கீழ சொட்டுத் தட்டில தண்ணி நிக்கிறது ஒழுக்கு இல்ல. கழுவலும், வில்லையப் பிழிஞ்ச தண்ணியும் அங்கதான் வரும். ஆனா தட்டில வழமையவிடக் கனக்கத் தண்ணியும் கோப்பையில குறையக் கோப்பியும் எண்டு வந்தா, பிரூ குரூப் பிஸ்டன்ல இருக்கிற ரப்பர் வளையம் காஞ்சிட்டு எண்டு அர்த்தம்.

கிழமையில ஒருக்கா, வெள்ளிக்கிழமை பின்னேரம், பிரூ குரூப்பக் கழட்டிக் குழாய்த் தண்ணியில கழுவுங்க. சவர்க்காரம் வேணாம், அது வளையத்தில இருக்கிற மசகக் கொண்டுபோயிரும். மேல் சல்லடைய விரலால தேய்ச்சு, உள்ளுக்கு இருக்கிற இடத்தில சிந்தின தூளக் காஞ்ச தூரிகையால கூட்டி எடுங்க. 500 கோப்பிக்கு ஒருக்கா, உங்களுக்கு மாசத்துக்கு ஒருக்கா, வளையத்துக்கும் பக்கத் தண்டுக்கும் சாப்பாட்டுச் சாமானுக்குப் பாவிக்கிற சிலிக்கோன் மசகு பயறளவு பூசுங்க. சமையல் எண்ணெய் பூசினா அது பழுதாகிப் பிசினாகும்.

கேத்தலும் மெசினும் ஒரே நீட்டு வயரில வேணாம். மெசின் 1450 வாற், கேத்தல் 2000 எண்டா ரெண்டும் சேந்து 15 அம்பியர். 13 அம்பியர் பிளக் தாங்காது. மெசினோட ரெண்டு உருளைக் கால் ஐரோப்பியப் பிளக் வந்தா, மாத்தி அடாப்டர் குத்தாம எர்த்தோட சரியான 13 அம்பியர் பிளக் போடச் சொல்லுங்க.

அறுகம்பே_தங்குமனை

எறும்பையும் கரப்பானையும் சேத்துக்கொள்ளுங்க. சூடும் ஈரமும் அவைக்கு விருப்பமான இடம். சுவரோட ஒட்டி வைக்காம நாலு விரல் இடம் விட்டு, சீனிப் போத்தலத் தள்ளி வைங்க. மெசினுக்கு மேலயோ உள்ளயோ பூச்சி மருந்து அடிக்கக் கூடாது, காத்து போற ஓட்டையால கிரைண்டருக்கு வரும்.

கல்லடிக்_கந்தோர்

கடைசிக் கேள்வி. போயாவும் வார விடுமுறையும் சேந்து மூண்டு நாள் பூட்டினா?

திருகாணி

பூட்ட முதல் சக்கைப் பெட்டி, சொட்டுத் தட்டு, தண்ணித் தொட்டி மூண்டையும் வெறுமையாக்கிக் கழுவிக் கவுத்து வைங்க. பிரூ குரூப்பக் கழுவி வெளியில காயவிடுங்க, மெசின்ட பக்கக் கதவத் துறந்தபடி விடுங்க. தொட்டியில மிஞ்சின கொட்டையக் காத்துப் போகாத டின்னில போடுங்க. எங்கட ஈரக்காத்தில மூண்டு நாள் திறந்து கிடந்த கொட்டை பதத்துரும், அரைவையும் மாறும். திரும்பி வந்து முதல் கோப்பிய ஊத்திருங்க.

தேத்தாத்தீவு_வறுவல்

நான் ரெண்டு கோப்பிய ஊத்துவன். முதலாவது கிரைண்டர்ல நிண்ட பழைய தூள், ரெண்டாவதிலயும் அதில பாதி இருக்கும்.

சம்மாந்துறையான்

20 கிராம் கொட்டை வீணாப் போகுமே. ஒண்டு காணும்.